பெயர் நீலமாகிவிட்டால் போதுமா?

சேலைக்கடை ஒன்று தீபாவளிப் படத்தை இன்ஸ்டாகிராமில் காலை 6 மணிக்கு ஷெட்யூல் செய்கிறது. படமெடுத்த கலைஞரின் பெயரில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு விழுந்துவிட்டது. பெயர் நீல நிறத்தில் இணைப்பு போலவே தெரியலாம். தொட்டால் வேறொருவர் பக்கம் திறக்கும், அல்லது எதுவுமே வராது. கலைஞருக்கும் தகவல் போகாது.

அதனால் பெயரை நினைவிலிருந்து தட்டாமல், அவர் பக்கத்திலிருந்தே நகலெடுங்கள். கூட்டுப் பதிவுக்கான கொலாப் அழைப்பு இன்னொரு வகை: அவர் ஏற்கும்வரை அவர் பக்கத்தில் பதிவு வராது. எனவே முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

6.05க்கு வேறொரு போனில் பதிவைத் திறந்து, ஒவ்வொரு பெயரையும் தொட்டுப் பாருங்கள். தவறிருந்தால் ‘எடிட்’ கொடுத்து உடனே திருத்திவிடலாம்.