சாட்டின் ஏன் மின்னுகிறது?

சாதா நெசவில் ஊடை நூல் ஒவ்வொரு பாவு நூலையும் மாறி மாறி ஏறி இறங்கும். அந்த மேடுபள்ளங்களில் ஒளி சிதறிவிடும். ஐந்திழைச் சாட்டினில் பாவு நூல் நான்கு ஊடைகளின் மேல் மிதந்து, ஐந்தாவதன் அடியில் மட்டும் புகும். இப்படிப் புகும் இடங்கள் அருகருகே வராததால், பக்கத்து மிதவைகள் அவற்றை மூடிவிடுகின்றன. ஒளி ஒரே பக்கமாகத் திரும்புகிறது. சாட்டீனில், பெரும்பாலும் பருத்தியில், மிதப்பது ஊடை.

ஜக்கார்டு கருவி பாவு நூல்களைத் தனித்தனியே தூக்கவல்லது. அதனால் ஒரே நிறத்திலேயே, ஊடை மிதக்கும் தரையில் பாவு மிதக்கும் பூவை நெய்யலாம். துணியைச் சற்றுச் சுழற்றினால் பூ மங்கி, தரை ஒளிரும்.

புரோக்கேடில் பூவுக்கென்றே கூடுதல் ஊடை உண்டு, பல சமயம் ஜரிகை. வாங்குமுன் பின்புறத்தைப் பாருங்கள்: வெட்டாத நீள மிதவைகள்தாம் மோதிரத்தில் மாட்டி இழுபடும்.