பாடு நல்ல பாடுதான், காசு எங்கே?

ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுக் குடும்பம் ஒன்றின் வரவு நோட்டு என் கைக்கு வந்தது. உப்புத் தண்ணீர் பட்டு மை கலங்கிய பக்கங்கள். நடுவே ஓரிடத்தில் ஒரு மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. கணக்கு எழுதுவது படகுக்காரரின் மனைவி. பக்கத்தைப் புரட்டிக் காட்டி அவர் கேட்டார்: "இந்த வாரம் கணவாய் சராசரியா முந்நூத்தி இருவது ரூபாய்க்குப் போயிருக்கு தம்பி. எடையும் நல்ல எடை. ஆனா கைக்கு வந்த காசு அந்தக் கணக்குக்குச் சரியா வரலையே, ஏன்?"

யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஏலக்காரர் சொன்ன விலை சரி, தராசு சரி, கூட்டலும் சரி. சராசரி எடுத்த முறைதான் பிசகு. அந்த நோட்டின் எண்களைக் கணக்குப் புரிவதற்காக முழு எண்களாக்கி இங்கே தருகிறேன்.

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன: திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. திங்கள் போன படகு செவ்வாய் காலையில் அணையும். ஆகவே கணக்கில் எழுத வேண்டியது கரைசேர்ந்த நாள். ஏலம் அன்றுதான் நடக்கிறது, விலை அன்றைக்கு உரியது. போன நாளைச் சில இடத்திலும் வந்த நாளைச் சில இடத்திலும் எழுதிவிட்டால், பிற்பாடு பக்கத்துப் படகின் விலையோடு ஒப்பிட வழியில்லாமல் போகும்.

அந்த வாரத்துக் கணவாய்க் கணக்கு இது:

| கரைசேர்ந்த நாள் | விற்ற எடை (கிலோ) | கிலோ விலை (ரூ.) | வந்த தொகை (ரூ.) |
|---|---|---|---|
| செவ்வாய் | 20 | 360 | 7,200 |
| வியாழன் | 80 | 270 | 21,600 |
| ஞாயிறு | 25 | 330 | 8,250 |
| மொத்தம் | 125 | | 37,050 |

அந்த அம்மா மூன்று நாள் விலையையும் கூட்டி மூன்றால் வகுத்திருந்தார். 320 ரூபாய் வந்தது. 125 கிலோவை அதனால் பெருக்கினால் 40,000 ரூபாய் இருக்க வேண்டும். கையில் இருந்ததோ 37,050. காணாமல் போனதாக அவர் நினைத்த 2,950 ரூபாய் முதலிலிருந்தே இல்லாத பணம்.

20 கிலோ விற்ற செவ்வாய்க்கும் 80 கிலோ விற்ற வியாழனுக்கும் அந்தச் சராசரி ஒரே மதிப்பைக் கொடுத்துவிட்டது. சரியான வழி, வந்த தொகை முழுவதையும் கூட்டி, விற்ற எடை முழுவதாலும் வகுப்பது. 37,050 ரூபாயை 125 கிலோவால் வகுத்தால் 296 ரூபாய் 40 காசு. அந்த வாரம் ஒரு கிலோ கணவாய் உண்மையில் கொண்டுவந்த விலை அதுதான்.

இந்தப் பிசகு ஒரு வாரம் கூடவும் மறு வாரம் குறையவும் காட்டிச் சமமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது விலையைக் கூட்டித்தான் காட்டும். ஒரு படகுக்குக் கணவாய் அள்ளிய நாளில் பக்கத்துப் படகுகளுக்கும் அள்ளியிருக்கும். எல்லாப் படகும் ஒரே நாளில் போய் ஒரே காலையில் அணைகின்றன. கரையில் கணவாய் குவிந்தால் ஏலம் இறங்கும். எடை கூடிய நாளே விலை குறைந்த நாளாகவும் அமைவது இதனால்தான். விலைகளை மட்டும் கூட்டி வகுப்பவர் அந்த மலிவான நாளின் பாரத்தைக் கணக்கில் சேர்க்காமலே விடுகிறார். துறைமுகத்தில் அடிக்கடி கேட்கும் "பாடு இருந்துச்சு, விலை இல்ல" என்ற பேச்சுக்கும் இதே காரணம்தான்.

அடுத்தது எடை. கடலில் டிரைவர் பெட்டியைப் பார்த்து ஒரு மதிப்பு எழுதுவார். கரையில் தராசு வேறொன்று சொல்லும். அந்த வியாழனுக்கு டிரைவர் எழுதியிருந்தது 85 கிலோ. தராசில் 80. ஐஸ் உருகிய தண்ணீர் வடிந்தது, ஆட்கள் வீட்டுக் கறிக்கு எடுத்தது, கண் மதிப்பின் தவறு எல்லாம் சேர்ந்து 5 கிலோ. 21,600 ரூபாயை 85 கிலோவால் வகுத்தால் விலை 254 ரூபாய் என்று வரும். உண்மையில் விற்றதோ 270 ரூபாய்க்கு. தொகை எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த இடத்தின் எடையால்தான் அதை வகுக்க வேண்டும்.

கறிக்கு எடுத்த மீனை எழுதாமல் விடவும் கூடாது. அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். கடல் எவ்வளவு கொடுத்தது என்று பார்க்கும்போது அதையும் சேர்க்கலாம். விலை என்ன கிடைத்தது என்று பார்க்கும்போது சேர்க்கக்கூடாது. அதேபோல, கடலுக்குப் போகாத நாளின் கட்டம் காலியாக இருக்கட்டும். போய் வெறுங்கையோடு திரும்பிய நாளுக்குப் பூஜ்யம் எழுதவேண்டும். அந்த நாளிலும் டீசல் எரிந்திருக்கிறது. நடை ஒன்றுக்கு எவ்வளவு மீன் என்று வருஷக் கடைசியில் பார்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகிவிடக்கூடாது.

மீனின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நோட்டில் 'கணவாய்' என்று எழுதிய இடத்தில் சில நாள் ஊசிக்கணவாயும் கலந்திருந்தது. இரண்டும் வேறு இனம், விலையும் வேறு. ஒரே இனத்திலும் பெரிது, சிறிது என்று தரம் உண்டு. தரம் பிரித்து எழுதாவிட்டால் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை நண்டில் பார்க்கலாம்.

முதல் வாரம் பெரிய நண்டு 30 கிலோ, கிலோ 400 ரூபாய். சிறியது 10 கிலோ, கிலோ 200 ரூபாய். ஆக 40 கிலோவுக்கு 14,000 ரூபாய், சராசரி 350. மறுவாரம் பெரியது 10 கிலோ, 420 ரூபாய். சிறியது 30 கிலோ, 210 ரூபாய். அதே 40 கிலோவுக்கு 10,500 ரூபாய், சராசரி 262 ரூபாய் 50 காசு. சராசரியை மட்டும் பார்த்தவர் நண்டு விலை கால்வாசி விழுந்துவிட்டது என்பார். ஏலக்காரரிடம் சண்டைக்கும் போவார். உண்மையில் இரண்டு தரத்துக்கும் விலை ஏறித்தான் இருக்கிறது. குறைந்தது பெரிய நண்டு. அதற்குக் காரணம் தேட வேண்டிய இடம் கடலும் வலையும். சந்தையில் தேடிப் பயனில்லை.

இதே காரணத்தால்தான் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும் சங்காயத்தையும் கணவாயையும் ஒன்றாகக் கூட்டி, 'மீன் சராசரி விலை' என்று ஒரே எண்ணைச் சொல்வதில் பொருளில்லை. சங்காயம் கூடிய வாரத்தில் அந்த எண் இறங்கும், குறைந்த வாரத்தில் ஏறும். அதிலிருந்து எந்த மீனின் விலையும் தெரியவராது.

நோட்டிலுள்ளதைக் கைபேசியில் விரிதாளாக ஏற்றுபவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். A கட்டத்தில் கரைசேர்ந்த நாள், B-யில் மீன், C-யில் தரம், D-யில் விற்ற எடை, E-யில் வந்த தொகை, F-இல் கறிக்கு எடுத்தது. வாரத்துக்கு ஒரு தாள். கணவாயின் சராசரிக்கு இந்த ஒரு வரி போதும்:

```
=SUMIFS(E:E,B:B,"கணவாய்")/SUMIFS(D:D,B:B,"கணவாய்")
```

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வியாழனன்று மட்டும் 'கனவாய்' என்று இரண்டு சுழி ன போட்டுவிட்டால், அந்த 80 கிலோவையும் அதன் 21,600 ரூபாயையும் கணினி சத்தமில்லாமல் விட்டுவிடும். மிச்சமுள்ள 45 கிலோவுக்குச் சராசரி 343 ரூபாய் என்று அழகாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மீனுக்கும் வந்த தொகையைத் தனித்தனியே எடுத்துக் கூட்டுங்கள். அது E கட்டத்தின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் ஏதோ ஒரு பெயர் பிழையாக இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். கரையில் பல படகுக்காரர்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். வட்டி கிடையாது, பிடித்ததை அவரிடமே போடவேண்டும் என்பதுதான் பேச்சு. வட்டி உண்டா இல்லையா என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். அதே நாள், அதே மீன், அதே தரத்துக்கு முன்பணம் வாங்காத படகு ஒன்றுக்குக் கிடைத்த விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு லட்சம் முன்பணம் வாங்கியவர் ஒரு பருவத்தில் 1,500 கிலோ போட்டு, கிலோவுக்கு 20 ரூபாய் குறைவாகப் பெற்றிருந்தால், அவர் கொடுத்தது 30,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கிறது. ஒருநாள் வித்தியாசத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஏல விலை மணிக்கு மணி மாறும். பல வாரம் தொடர்ந்து ஒரே பக்கமாகக் குறைந்தால்தான் அதற்கு வட்டி என்று பெயர்.

படகில் வேலை செய்யும் ஆட்களுக்கும் இந்த நோட்டுதான் சாட்சி. டீசல், ஐஸ், சாப்பாடு போன்ற செலவைக் கழித்துவிட்டு மிஞ்சியதைப் பங்கு பிரிக்கும்போது, விலையை வாயால் சொல்வதைவிட நாள்வாரியாக எடையும் தொகையும் எழுதிக் காட்டினால் பேச்சு வளராது.

ஒரு படகின் சராசரியை ஊர் முழுவதற்குமான விலையாகக் கொள்ள முடியாது. அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது. அதன் தலைமையகம் முன்பு பக்கத்து மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு அது கொச்சிக்குப் போனது. நிறுவனத்தின் ஊழியர்கள் இறங்குதளங்களில் தேர்ந்தெடுத்த நாள்களில், சில படகுகளின் மீனை இனவாரியாகக் கணித்து, அன்று அணைந்த படகுகளின் எண்ணிக்கையால் பெருக்கி மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். படகுக்காரர் கேட்கும் போது 'ஏதோ வந்துச்சு' என்று சொல்லாமல் நோட்டைப் பார்த்துச் சொன்னால் அந்த மதிப்பும் சீர்படும்.

ஒப்பிடும்போது காலத்தையும் பார்க்கவேண்டும. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடை முடிந்த முதல் வாரத்தின் கணக்கைத் தடைக்கு முந்தைய வாரத்தோடு வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. போன ஆண்டின் அதே வாரத்தோடு வைத்துப் பாருங்கள்.

அந்த அம்மாவிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். படகுக் கணக்கு எழுதும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதையே சொல்வேன். விலையை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை கிலோ விற்றது, எத்தனை ரூபாய் வந்தது என்ற இரண்டையும் மீன்வாரியாக, நாள்வாரியாக எழுதிவையுங்கள். அவை இரண்டும் இருந்தால் விலையை எப்போது வேண்டுமானாலும் வகுத்து எடுத்துக்கொள்ளலாம். விலை மட்டும் இருந்தால் மற்ற இரண்டையும் எவராலும் மீட்க முடியாது.