மூன்றாவது சந்திப்பில் நீட் தேர்வு

திருமணத்துக்கு முந்தைய ஆலோசனைக்காக என்னிடம் வரும் இளைஞர்கள் பலருக்கும் ஒரு விதி மனப்பாடமாகியிருக்கிறது: முதல் சில சந்திப்புகளில் அரசியல் பேசக் கூடாது. செயலி வழியாக அறிமுகமானவர்களும் சரி, ஜாதகம் பார்த்து முடித்த பெற்றோர் ‘ஒருமுறை காபி குடித்துப் பேசிவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பிவைத்தவர்களும் சரி, இந்த விதியை மீறுவதில்லை. சம்பளமும் சாதியும் பெரும்பாலும் சுயவிவரத்திலேயே இருந்துவிடுகின்றன. பிடித்த படம், பிடித்த ஊர், பிடித்த உணவு ஆகியவை முதல் சந்திப்பிலேயே தீர்ந்துபோகின்றன.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருக்கும் உறவினரிடம் அரசியல் பேசாமலிருப்பது விவேகம்தான். அவரை அடுத்த கல்யாணத்தில்தான் பார்க்கப்போகிறோம். ஆனால், நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் செய்தித்தாளைப் பங்கிட்டுக்கொள்ளப்போகும் ஒருவரிடம் அதே விவேகத்தைக் கடைப்பிடிப்பதில் என்ன பொருள் இருக்கிறது? பெற்றோர் பார்த்த சம்பந்தங்களில் நிச்சயதார்த்தத்துக்கு முன் மூன்று அல்லது நான்கு சந்திப்புகள் கிடைத்தாலே அதிகம். அவற்றையும் நழுவல்களால் நிரப்பிவிட்டால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் ஒருவர் மற்றவரின் கருத்தைக் கேட்க நேர்கிறது.

நழுவுவதற்கு நம்மிடம் தேர்ந்த சொற்கள் இருக்கின்றன. ‘எனக்கு அரசியலில் ஆர்வம் இல்லை’ என்பது ஒன்று. ‘எல்லாக் கட்சியும் ஒன்றுதான்’ என்பது இன்னொன்று. மோதுகிறவர்களோ தொலைக்காட்சி விவாதத்திலிருந்து நேராக எழுந்து வந்தவர்களைப் போல ஆதாரங்களை அடுக்குகிறார்கள். பார்வைக்கு இவை எதிரெதிரானவை. ஆனால், எதிரில் இருப்பவர் இந்தக் கருத்துக்கு எப்படி வந்துசேர்ந்தார் என்பதும், மறுக்கப்படும்போது அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதும் நழுவலிலும் தெரியவராது. மோதலில் பாதிதான் தெரியவரும். அந்த இரண்டும்தான் இந்தச் சந்திப்புகளில் அறிந்துகொள்ள வேண்டியவை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது அன்றைய வேலையல்ல.

நான் அறிந்த ஓர் உரையாடலை, அடையாளங்களை மாற்றிவிட்டுச் சொல்கிறேன். ஆண் கோவைக்காரர், வங்கி ஊழியர். பெண் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து, சென்னையில் மென்பொருள் துறையில் பணிபுரிபவர். மூன்றாவது சந்திப்பு. அன்று நீட் தேர்வு முடிவுகள் வெளியாகியிருந்தன. “நீட் இருக்கறதுதான் நல்லது. இல்லைன்னா காசு இருக்கறவன் சீட்டை வாங்கிடுவான்” என்றார் அவர்.

அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று இரண்டு பதில்கள் தோன்றியிருக்கின்றன. “அது பெரிய சப்ஜெக்ட்” என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவது ஒன்று. “லட்சக்கணக்குல கோச்சிங் ஃபீஸ் கட்டறது யாராம்?” என்று திருப்பிக் கேட்பது மற்றொன்று. இரண்டையும் விடுத்து அவர் சொன்னது இது: “எனக்கு நீட் வேண்டாம்னுதான் தோணுது. ஏன்னு அப்புறம் சொல்றேன். ஆனா, நீங்க காசுன்னு சொன்னப்ப யாரையோ மனசுல வெச்சுச் சொன்ன மாதிரி இருந்துச்சு. உங்க வீட்ல யாருக்காவது அப்படி நடந்ததா?”

இந்த நான்கு வாக்கியங்களைச் சற்று நின்று பார்க்கலாம். முதல் வாக்கியத்திலேயே அவர் தன் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டார். எனவே, இது நழுவல் அல்ல. காரணத்தை மட்டும் தள்ளிவைத்தார். எனவே, மோதல் தொடங்கவில்லை. பிறகு, எதிரில் இருப்பவர் பயன்படுத்திய ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு துணைக்கேள்வி கேட்டார். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில நிமிடங்களே நீடிக்கும் அறிமுகச் சந்திப்புகளின் உரையாடல்களும் அடங்கியிருந்தன. எதிராளி சொன்னதைத் தொடர்ந்து மேலும் கேள்வி கேட்டவர்களையே பிறர் மீண்டும் சந்திக்க விரும்பினார்கள் என்று அது காட்டியது. பட்டியல் போட்டுக் கேட்கும் புதிய கேள்விகளுக்கு அந்த ஈர்ப்பு இல்லை. அவை நேர்முகத் தேர்வைப் போலிருக்கின்றன.

அவர் அக்காவைப் பற்றிச் சொன்னார். நீட் வருவதற்கு முந்தைய காலம். தமிழ்நாடு 2006இல் சட்டம் இயற்றி நுழைவுத்தேர்வை நீக்கிய பிறகு, பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவச் சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்தது. அக்காவுக்கு அரசு ஒதுக்கீட்டு இடம் சிறு இடைவெளியில் தவறியது. தனியார் கல்லூரி கேட்ட நன்கொடையை ஆலைத் தொழிலாளியான அப்பாவால் கட்ட முடியவில்லை. அதே தெருவில், அக்காவைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கா பார்மஸி படித்தார்.

இதைக் கேட்டதும் தன் கதையைத் தொடங்கிவிடுவது மனித இயல்பு. அந்தப் பெண் அதற்கு முன் ஒன்று செய்தார். “அப்ப, பணத்தால முந்திப்போறதைத் தடுக்க ஒரு தடை வேணும். உங்களுக்கு நீட்டுங்கறது அந்தத் தடை. சரியா?” என்றார். “கிட்டத்தட்ட” என்ற அவர், “எல்லாருக்கும் ஒரே தாள்ங்கறதும் எனக்கு முக்கியம். யார் எங்க நிக்கறாங்கன்னு தெரியும்ல” என்று சேர்த்துக்கொண்டார். திருப்பிச் சொல்வதன் பயன் இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. ‘ஆமாம், அதுதான்’ என்று எதிராளி சொல்லும்வரை நாம் மறுப்பது அவருடைய கருத்தை அல்ல, நாம் கற்பனை செய்த ஒன்றை. நம் மரபுக்கும் இது புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார், ‘பரபக்கம்’ என்னும் பகுதியில் பிற சமயங்களின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பிறகே ‘சுபக்கம்’ என்று தன் கொள்கைக்கு வருகிறது. காபிக் கடையில் கண்டனம் தேவையில்லை. எடுத்துரைப்பு மட்டும் போதும்.

பிறகு பெண்ணின் முறை. மாமன் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். மாநிலப் பாடத்திட்டத்தில் சிறந்த மதிப்பெண். ஆனால், நீட்டில் கேட்கப்பட்டது வேறு பாடநூல்களை ஒட்டிய கேள்விகள். பயிற்சி மையத்துக்குப் பணம் இல்லை. 2018, 2019 என இரண்டு முறை எழுதிவிட்டு நர்சிங்கில் சேர்ந்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2020இல்தான் வந்தது.

இப்படிச் சொந்த அனுபவங்களை, தீர்ப்புச் சொல்லாமல் பரிமாறிக்கொள்வதற்கு ஆற்றல் உண்டு. அமெரிக்காவின் மயாமியில் வீடு வீடாகச் சென்று திருநர்களைப் பற்றி இவ்வாறு சுமார் 10 நிமிடம் உரையாடியதில், பலரது மனப்பான்மையில் ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதம் வரை நீடித்தது என்று 2016இல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆனால், இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு கதைகளையும் கேட்டு இருவரும் நெகிழ்ந்து, ‘பாவம்ல’ என்று எழுந்துவிட்டால், அதுவும் கொஞ்சம் நாகரிகமான நழுவல்தான். கதைக்குப் பிறகு கருத்து வேறுபாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அவர்கள் திரும்பினார்கள். “நீட்ல தகுதி மதிப்பெண் மட்டும் எடுத்துட்டு, நிர்வாக ஒதுக்கீட்டுல பெரிய தொகை கட்டிச் சேர முடியுதே. உங்க அக்காவுக்கு நடந்தது நின்னுடுச்சா?” என்று அவர் கேட்டார். இது அவருடைய கொள்கையை ஏற்றுக்கொண்டு, அதற்குள்ளிருந்தே எழுப்பப்பட்ட கேள்வி. அந்த ஆண் சற்று யோசித்து, “நிக்கலைதான்” என்றார். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார்: “நீட் இல்லாதப்ப மட்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களா போனாங்க? நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளிங்கதானே அள்ளிட்டுப் போச்சு?” பெண்ணால் அதை மறுக்க முடியவில்லை. 7.5% ஒதுக்கீட்டுக்கு யார் தகுதி என்பதில் மட்டும் குழப்பம் எழுந்தது. கைபேசியை எடுத்துத் தேடாமல், “தெரியலை, பார்த்துட்டு வர்றேன்” என்றார் அவர். மேசையில் கைபேசி வந்ததும் உரையாடல் வழக்காடுமன்றமாகிவிடும் என்பது என் அனுபவம். இதே காரணத்தால், இத்தகைய பேச்சை வாட்ஸ்அப்பில் தொடங்காதீர்கள் என்றும் சொல்வேன். அங்கே குரல் இல்லை, இணைப்புகள் மட்டுமே பறக்கும்.

கால் மணி நேர முடிவில் ஒருவரும் மாறவில்லை. தேர்வை வைத்துக்கொண்டு கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார் அவர். தேர்வே கூடாது என்றார் இவர். ஆனால், எந்த இடத்தில் பிரிகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

இதே முறை எல்லாக் கருத்துக்கும் போதாது. சில கருத்துகள் வாக்குச்சாவடியோடு நின்றுவிடும்; சில வீட்டுக்குள் வந்து அமரும். நீட்டைப் பற்றிய கருத்து பெரும்பாலும் முதல் வகை. ‘உங்கள் தங்கை வேறு சாதியில் ஒருவரை விரும்பினால் என்ன செய்வீர்கள்?’ என்பது இரண்டாம் வகை. மனைவியின் வேலை, வழிபாடு, வயதான பெற்றோர் யாருடன் இருப்பது ஆகியவையும் அப்படியே. எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டு இவற்றைக் கேட்காமல் வருகிறவர்களே அதிகம். இங்கே ‘ஏன்?’ என்பதோடு ‘அப்போது என்ன செய்வீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். கொள்கையளவில் பதில் சொல்கிறவர், செயலைக் கேட்டதும் ‘அதை அப்பாதான் முடிவு செய்வார்’ என்றால், அதுதான் பதில்.

உரையாடல் கெடுகிறது என்பதை ஓர் அறிகுறியால் அறியலாம். ஒரே வாக்கியத்தை ஒருவர் மூன்றாம் முறை சொன்னால், அன்றைக்கு நிறுத்திவிடலாம். “இன்னிக்கு இது போதும், அடுத்த தடவை தொடரலாம்” என்று சொல்லி, அடுத்த முறை உண்மையிலேயே தொடர வேண்டும். இளக்காரம் மட்டும் வேறு வகை. ‘உங்க ஊர்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பாங்க’ என்பதும், ஒரு சமூகத்தையே வசைச்சொல்லால் குறிப்பதும் கருத்து வேறுபாடு அல்ல. அதற்குத் துணைக்கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை; காபிக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். கருத்துச் சொன்ன பெண்ணைப் பற்றி ‘பொண்ணு ரொம்பப் பேசுது’ என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போவதும் உண்டு. அந்த வீட்டைப் பற்றி அதைவிடத் தெளிவான தகவல் அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

விலகும்போது ‘ஜாதகத்தில் ஏதோ தோஷம்’ என்று வீட்டார் மூலம் சொல்லியனுப்புவது நம் வழக்கம். கிரகங்களுக்கு வாய் இல்லாததால் அவை மறுப்பதில்லை. ஆனால், எதிரில் இருப்பவர் வாரக்கணக்கில் காரணம் தேடிக்கொண்டிருப்பார். “தங்கை கல்யாண விஷயத்துல நீங்க சொன்னது எனக்கு ஒத்துவராதுன்னு தோணுது, அதனால இதை இங்கேயே நிறுத்திக்கலாம்” என்று தொலைபேசியில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அதை அவரே சொல்லிவிட்டு, அதன் பிறகு தன் வீட்டாருக்குத் தெரிவிக்கலாம்.