“போன வாரம் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

அமெரிக்காவில் வேலையில்லாதோர் எத்தனை சதவீதம் என்று மாதாமாதம் ஓர் எண் வெளியாகிறது. சுமார் 60,000 வீடுகளில் ஒரே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டு எடுக்கும் எண் அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ஆட்களை அனுப்பிக் கேட்கிறது. தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டு வெளியிடுகிறது. அந்தக் கேள்வித்தாள் 1967-இலிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தது. அதைத் திருத்தும் வேலையை 1986-இல் இரண்டு அலுவலகங்களும் சேர்ந்து தொடங்கின. புதிய தாள் களத்துக்கு வந்தது 1994 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த முன்னோட்டச் சோதனைகளைப் போல விரிவாகப் பதிவானவை அதிகம் இல்லை. ஒரு கேள்வி எப்படித் தவறாகிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பழைய தாளின் முதல் கேள்வியிலேயே கோளாறு இருந்தது. “போன வாரம் பெரும்பாலும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று அது தொடங்கும். அதோடு, “வேலை பார்த்தீர்களா, வேறு ஏதாவதா?” என்றோ, “வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தீர்களா, வேறு ஏதாவதா?” என்றோ, “படித்துக்கொண்டிருந்தீர்களா, வேறு ஏதாவதா?” என்றோ ஒன்றைக் கேட்பவர் சேர்த்துக்கொள்வார். எதைச் சேர்ப்பது என்பது எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்பதைப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு. நடுத்தர வயதுப் பெண் கதவைத் திறந்தால் வீட்டைக் கவனிப்பது பற்றிய கேள்விதான் பெரும்பாலும் வரும். அந்தப் பெண் வாரத்தில் ஆறு மணி நேரம் கூலிக்கு ஒரு வேலை செய்திருக்கலாம். ஆனால் ‘பெரும்பாலும்’ என்று கேட்டதால் வீட்டு வேலை என்றே சொல்லிவிடுவார். இதைப் பிடிக்க, “வீட்டு வேலையைச் சேர்க்காமல், வேறு ஏதாவது வேலை செய்தீர்களா?” என்று அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. முதல் கேள்வி மனத்தில் போட்டுவிட்ட சட்டகத்தை அந்தக் கேள்வியால் முழுதாகக் கழற்ற முடியவில்லை.

இதைச் சோதிக்க 1990, 91-ஆம் ஆண்டுகளில் தொலைபேசி வழியாக முன்னோட்ட ஆய்வுகள் நடந்தன. எண்களைக் குலுக்கல் முறையில் எடுத்து வீடுகளை அழைத்தார்கள். முதல் கட்டத்தில் மூன்று தாள்கள் போட்டியிட்டன: நடப்பில் இருந்த பழைய தாள் ஒன்று, மாற்று வாசகங்கள் கொண்ட புதியவை இரண்டு. அவற்றில் தேறிய பகுதிகளைச் சேர்த்து நான்காவது தாளை எழுதி, இரண்டாம் கட்டத்தில் அதைப் பழைய தாளுடன் மோதவிட்டார்கள்.

எந்த வாசகம் நன்றாக வேலை செய்கிறது என்று விடைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு தாளில் ‘வேலை பார்த்தேன்’ என்பவர்கள் கூடினால் அது உண்மை கூடியதா, குழப்பம் கூடியதா? ஆகவே உரையாடல்களைக் கேட்டுக் குறிப்பெடுக்க ஆட்களை வைத்தார்கள். கேட்பவர் கேள்வியை எழுதியபடியே வாசிக்கிறாரா, விடை சொல்பவர் “அப்படியென்றால்?” என்று திருப்பிக் கேட்கிறாரா என்று கேள்வி வாரியாகக் குறித்தார்கள். ஒரே இடத்தில் பலரும் தடுக்கினால் கோளாறு கேள்வியில்தான். களத்தில் கேட்பவர்களையும் குழுவாக உட்கார வைத்து, எந்தக் கேள்வியைச் சொல்லும்போது சங்கடப்படுகிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

இன்னொரு உத்தி என்னை மிகவும் கவர்ந்தது. பேட்டி முடிந்ததும் சிலருக்குச் சிறு கதைகளைச் சொன்னார்கள். ஒரு பெண் கணவரின் தொழிலுக்காக வாரத்தில் 20 மணி நேரம் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார், சம்பளம் கிடையாது. இவரை வேலை பார்த்தவர் என்று சொல்வீர்களா? அரசு விதிப்படி, குடும்பத் தொழிலில் சம்பளம் இல்லாமல் வாரம் 15 மணி நேரமாவது உழைத்தால் அவர் வேலையில் இருப்பவர்தான். மக்களோ ஒருமித்த பதில் சொல்லவில்லை. ஒரே பெண்ணை ஒருவர் வேலையில் இருப்பவர் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். ‘வேலை’ என்ற சொல்லை அலுவலகம் ஒரு பொருளிலும் வீடுகள் பல பொருளிலும் புரிந்துகொண்டிருந்தன.

ஆகவே கேள்வியைப் பிரித்தார்கள். முதலில், “இந்த வீட்டில் யாருக்காவது சொந்தத் தொழிலோ பண்ணையோ இருக்கிறதா?” அடுத்து, “போன வாரம் ஊதியத்துக்கோ லாபத்துக்கோ ஏதாவது வேலை செய்தீர்களா?” தொழிலோ பண்ணையோ உள்ள வீட்டில் ஒருவர் இல்லை என்றால், சம்பளமில்லாமல் அதில் உழைத்தீர்களா என்று தனியாகக் கேள்வி. ஆளைப் பார்த்து வாசகத்தை மாற்றும் வழக்கம் ஒழிந்தது.

‘லே-ஆஃப்’ பற்றிய கேள்வியிலும் இதே சிக்கல். அரசுக் கணக்கில் அது தற்காலிக நிறுத்தம். முதலாளி மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருப்பவர் வேறு வேலை தேடாவிட்டாலும் வேலையில்லாதவர் பட்டியலில் வருவார். மற்றவர்கள் கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருந்தால்தான் வருவார்கள். மக்கள் பேச்சிலோ லே-ஆஃப் என்றால் வேலை போய்விட்டது என்றே பொருள். நிரந்தரமாக வேலை இழந்தவர்களும் ஆம் என்று சொன்னார்கள். சொல்லுக்கு விளக்கம் எழுதிச் சேர்க்கலாம் என்றால் கேள்வி நீண்டுவிடும். அதனால் இரண்டு துணைக் கேள்விகள் வந்தன: திரும்ப வரச் சொல்லித் தேதி கொடுத்திருக்கிறார்களா? இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் கூப்பிடுவோம் என்று ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? விதியை மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டு, அவர்களுக்குத் தெரிந்த நிகழ்வைக் கேட்டார்கள். இந்த முழு முயற்சியிலும் மிகச் சிறந்த திருத்தம் இதுதான் என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய தாளை நேரே களத்தில் இறக்கவில்லை. 1992 ஜூலை முதல் 1993 டிசம்பர் வரை, மாதம் 12,000 வீடுகளில் புதிய தாளையும், வழக்கமான வீடுகளில் பழைய தாளையும் பக்கம் பக்கமாக ஓட்டினார்கள். புதிய தாள் வேலையின்மையைச் சுமார் அரை சதவீதப் புள்ளி கூடுதலாகக் காட்டியது. பழைய முறை இவ்வளவு காலம் குறைத்தே காட்டிவந்தது என்று எளிதாக முடிவு கட்டியிருக்கலாம்.

அந்த முடிவு நிற்கவில்லை. 1994-இல் புதிய தாள் நடைமுறைக்கு வந்ததும், அந்த 12,000 வீடுகளின் தொகுதியில் பழைய தாளைக் கேட்டுப் பார்த்தார்கள். தாள்கள் இடம் மாறியும், அந்தத் தொகுதி எதிர்பார்த்ததைவிட அதிக வேலையின்மையையே காட்டியது. வேறுபாட்டின் பெரும்பகுதி கேள்வியால் வந்ததல்ல, கேட்கப்பட்ட தொகுதியால் வந்தது. மொத்த வேலையின்மை விகிதத்தைத் திருத்தம் பெரிதாக மாற்றவில்லை. உள்ளே இருந்த கணக்குகள்தான் மாறின. வேலையில் இருக்கும் பெண்களின் விகிதம் உயர்ந்தது. மனம் தளர்ந்து வேலை தேடுவதை விட்டவர்களின் எண்ணிக்கை, விதிகள் இறுகியதால் ஏறத்தாழப் பாதியானது. தாள்களை இடம் மாற்றிப் பார்த்திராவிட்டால் தவறான அந்த அரைப் புள்ளியே வரலாறாக நின்றிருக்கும்.

நம் நாட்டிலும் பெண்களின் உழைப்பு கணக்கில் விழாத குறை இருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை பற்றிய கேள்வியோடு ‘நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்த ஊதியமில்லா உழைப்பையும் சேர்த்து’ என்ற பொருள்படும் சொற்களைச் சேர்த்தார்கள்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘முன்னோட்ட ஆய்வு நடத்தப்பட்டு வினாக்கள் செம்மைப்படுத்தப்பட்டன’ என்ற ஒற்றை வரியோடு அந்த அத்தியாயத்தை முடித்துவிடாதீர்கள். எந்தக் கேள்வியில் மக்கள் தடுக்கினார்கள், என்ன சொல்லித் தடுக்கினார்கள், பழைய வாசகம் எது, புதியது எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். நீக்கிய கேள்விகளையும் காரணத்தோடு பின்னிணைப்பில் கொடுங்கள்.