சிதறிய சொற்கள், சிதையாத பொருள்

முல்லைப் பெரியாற்று நீர் பெருங்குழாய்களின் வழியே மலையிலிருந்து இறங்கி மின்னாக்கப் பொறிகளைச் சுழற்றும் ஊர் லோயர் கேம்ப். அவ்வூரில் வாழும் முதியவர் ஒருவர், பக்கவாதத்துக்குப் பின் கம்பத்தில் இருக்கும் தம் மகளுக்குக் கைப்பேசியில் இவ்வாறு செய்தி அனுப்புகிறார் என்று கொள்வோம்: ‘தம்பி மாரித்தை இல்லை. காலை சோறு. கூடலூர்.’

மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது பிதற்றலாகத் தோன்றும். காலையில் சோறு கிடைக்கவில்லை என்று முதியவர் முறையிடுவதாகவும் கொள்ள நேரும். ஆயினும், இச்செய்தியின் பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப்பக்கத்தில் அமைந்துள்ளன. அங்குக் குருதியோட்டம் தடைப்பட்டால் மொழித்திறன் குலைகிறது. இந்நிலையை மருத்துவர்கள் ‘அஃபேசியா’ என்பர். இது நாக்கின் தளர்ச்சியன்று, அறிவின் குறைவுமன்று. சொல்ல விரும்பும் பொருள் மனத்தில் இருக்க, அதற்குரிய சொல்லை எடுக்கும் வழி பழுதடைகிறது. பேச்சைப் போலவே எழுத்தும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதால், பேச இயலாதவர் எழுதிக் காட்டிவிடலாம் என்பது எப்போதும் பொருந்தாது.

முதியவரின் செய்தியில் இருவகைப் பிழைகள் உள்ளன. மகளைப் ‘பாப்பா’ என்றழைக்க எண்ணியவர் ‘தம்பி’ என்று எழுதிவிட்டார். இது பொருளால் நெருங்கிய சொல் மாறி வருவது. உறவுச் சொல்லுக்கு மற்றோர் உறவுச் சொல்லே வந்துள்ளது. ‘மாத்திரை’ என்பது ‘மாரித்தை’ ஆனது ஒலி இடம் மாறிய பிழை. தகர, ரகர ஒலிகள் தம்முள் இடம் மாறின. வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் விடுபட, முதன்மைச் சொற்கள் மட்டும் எஞ்சின. மருந்துக்கடை உள்ள அருகூரின் பெயரும் தப்பவில்லை. ஆகவே, ‘பாப்பா, மாத்திரை தீர்ந்துவிட்டது, கூடலூரில் வாங்கி வா’ என்பது மகளுக்குப் புலனாகிறது.

எந்த மாத்திரை என்பதே அடுத்த வினா. குருதி அழுத்தத்துக்கு ஒன்றும் சர்க்கரை நோய்க்கு ஒன்றுமாக அவர் இரண்டு உட்கொள்கிறார். ‘காலை சோறு’ என்னும் தொடர், காலை உணவுக்கு முன் உண்ணும் சர்க்கரை மாத்திரையைச் சுட்டக்கூடும். எனினும் இது ஊகமே. ‘சர்க்கரை மாத்திரையா?’ என்று கேட்டு ‘ஆமாம்’ என்னும் விடையோடு நிறைவடைதல் போதாது. ஏனெனில் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் சொற்களும் இடம் மாறி வரலாம். எனவே மகள் இரண்டு மாத்திரை அட்டைகளின் படங்களையும் ஒவ்வொன்றாக அனுப்பி, தீர்ந்ததை மட்டும் திருப்பி அனுப்புமாறு கேட்கிறாள். சர்க்கரை மாத்திரையின் படம் திரும்பி வருகிறது. தான் புரிந்துகொண்டதைச் சிறு தொடரில் எழுதி, அவர் உடன்படுகிறாரா என்று மீண்டும் பார்க்கிறாள். கைப்பேசியின் தானியங்கித் திருத்தம் ‘மாரித்தை’யை வேறொரு நல்ல சொல்லாக மாற்றியிருந்தால், இத்தடயமே அழிந்திருக்கும்.

ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்கே இத்தகைய நிலை வந்தது. 1783 ஜூன் 17 அன்று விடியுமுன் விழித்த அவர், பேச்சை இழந்திருந்தார். தம் அறிவு நிலைத்திருக்கிறதா என்று சோதிக்க, இலத்தீனில் ஒரு வேண்டுதலை மனத்துள் செய்யுளாக அமைத்தார். அது சிறப்பாக அமையவில்லை என்பதையும் அவரே உணர்ந்தார். பின்னர் உதவி வேண்டி அண்டை வீட்டாருக்குக் குறிப்பு எழுதினார். கை தவறான எழுத்துகளை இட்டது. அதற்கு முன் எழுதிய முதல் குறிப்பைப் பணியாளரிடம் நீட்டியபோது, பேச வல்ல அப்பணியாளருக்கோ, தாம் ஏன் அதைப் படிக்க வேண்டும் என்பது விளங்கவில்லை. சொல் தடுமாறியவர் தெளிவாக இருந்தார், பெறுபவரே தடுமாறினார்.

எல்லாச் செய்திகளையும் இவ்வாறு மீட்க இயலாது. சிலரிடம் சொற்கள் தடையின்றிப் பெருகும். அவற்றில் பொருள் இராது. பிழையை அவர்களே அறியார். அங்குப் படிப்பவர் தம் விருப்பத்தையே பொருளாக ஏற்றிவிடுதல் எளிது. ‘புரியவில்லை’ என்று ஒப்புக்கொண்டு, படத்தாலோ பொருளைக் காட்டியோ மீண்டும் கேட்பதே நேர்மையானது.

இதுவரை நலமாக இருந்த ஒருவரிடமிருந்து திடீரெனக் குழம்பிய செய்தி வந்தால், அதன் பொருளைத் தேடிக்கொண்டிருத்தல் கூடாது. அக்குழப்பமே பக்கவாதத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக, அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அவர் கடைசியாகப் பிழையின்றி எழுதிய செய்தியின் நேரத்தையும் மருத்துவரிடம் தெரிவித்தால், அக்கணக்கைத் தொடங்க அது உதவும்.