கோட்டுக்குக் கீழே பிறந்த விடை

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்த பயிற்சித்தாள் என் மேசையில் இருக்கிறது. பத்துக் கணக்குகள், எல்லாமே மட்டு மதிப்பைப் பற்றியவை. ஆறாவது கணக்கு இது:

```
|x − 2| = 2x − 7
```

பாடத்தில் சொன்னபடியே அவள் இதை இரண்டாகப் பிரித்திருந்தாள். முதலில் x − 2 = 2x − 7 என்று எழுதி x = 5 என்று கண்டாள். பிறகு −(x − 2) = 2x − 7 என்று எழுதி x = 3 என்று கண்டாள். இரண்டு விடைகளையும் கட்டம் கட்டிக் காட்டியிருந்தாள். வரிக்கு வரி பார்த்தேன். கூட்டலிலும் கழித்தலிலும் ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் 3 என்ற விடை தவறு. பிழையே செய்யாமல் பிழையான விடை எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்தான்.

மட்டு மதிப்பு என்பது தூரம். சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் கல்லில் ஒரு டீக்கடை இருக்கிறது. நான் அந்தக் கடையிலிருந்து சரியாக 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன் என்றால், எந்தக் கல்லில் நிற்கிறேன்? 17ஆம் கல்லாக இருக்கலாம், 7ஆம் கல்லாகவும் இருக்கலாம். இதைத்தான் |x − 12| = 5 என்று எழுதுகிறோம். இரண்டு பக்கமும் நிற்கும் அந்தச் செங்குத்துக் கோடுகளை 1841இல் இந்தப் பொருளில் எழுதியவர் ஜெர்மானியக் கணிதர் கார்ல் வயர்ஸ்ட்ராஸ். எந்தத் திசையில் போனாய் என்பதை அந்தக் கோடுகள் மறந்துவிடுகின்றன, எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வைத்துக்கொள்கின்றன. மறந்துபோன திசையை நாம் திரும்பத் தேட வேண்டியிருப்பதால்தான் இரண்டு நிலைகள் வருகின்றன.

பிரிக்கும் விதியை ஒரு முறை நிதானமாகப் பார்க்கலாம். x பூச்சியமாகவோ மிகை எண்ணாகவோ இருந்தால் |x| = x. x குறை எண்ணாக இருந்தால் |x| = −x. இந்த இரண்டாவது வரியில்தான் பாதி வகுப்பு தடுக்கி விழும். “மட்டு மதிப்பு குறையா வராதுன்னு சொன்னீங்க, இங்கே −x-னு எழுதுறீங்களே சார்?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். முன்னால் கழித்தல் குறி இருப்பதாலேயே ஒன்று குறை எண் ஆகிவிடாது. x என்பது −4 என்றால் −x என்பது 4. குறை எண்ணின் குறியைத் திருப்பினால் கிடைப்பது மிகை எண். x-இன் உள்ளே ஏற்கனவே ஒரு கழித்தல் ஒளிந்திருக்கலாம் என்பது பழகும்வரை, இந்தப் பாடத்தில் வேறு எதைச் சொன்னாலும் மனதில் தங்குவதில்லை. அதனால் நான் இந்த இடத்தில் ஒரு முழு வகுப்பைச் செலவிடத் தயங்குவதில்லை.

இப்போது விதியை மறுபடி படியுங்கள். “இருந்தால்” என்ற சொல் இரண்டு வரியிலும் இருக்கிறது. அதுதான் நிபந்தனை. மாணவியின் தாளில் சமன்பாடுகள் இரண்டும் இருந்தன, நிபந்தனைகள் இரண்டும் காணவில்லை. அவற்றையும் சேர்த்து எழுதினால் அவளுடைய கணக்கு இப்படி ஆகும்:

```
நிலை 1:  x ≥ 2,   x − 2 = 2x − 7   →  x = 5
நிலை 2:  x < 2,   2 − x = 2x − 7   →  x = 3
```

முதல் நிலையில் கிடைத்த 5, 2-ஐ விடப் பெரியது. நிபந்தனைக்குள் அடங்குகிறது. இரண்டாவது நிலை, x 2-ஐ விடச் சிறியதாக இருக்கும்போது மட்டுமே செல்லும். அதில் கிடைத்ததோ 3. தன் வீட்டு எல்லைக்கு வெளியே போய் நிற்கும் விடை அது. எனவே அதை ஏற்க முடியாது.

நிபந்தனை எழுத மறந்தாலும் இன்னொரு வழி உண்டு. கிடைத்த எண்ணைக் கொண்டுபோய் முதல் சமன்பாட்டிலேயே போட்டுப் பார்ப்பது. x = 5 என்றால் இடப்பக்கம் |3|, அதாவது 3; வலப்பக்கம் 10 − 7, அதுவும் 3. சரி. x = 3 என்றால் இடப்பக்கம் |1|, அதாவது 1; வலப்பக்கம் 6 − 7, அதாவது −1. ஒரு தூரம் −1 ஆக இருக்க வழியில்லை. பிரித்த பிறகு எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது இங்கே முக்கியம். 2 − x = 2x − 7 என்பதில் 3-ஐப் போட்டால் இரண்டு பக்கமும் −1 வந்து, எல்லாம் சரி என்றே தோன்றும். அந்த மாணவியும் அங்கேதான் சோதித்திருந்தாள்.

ஆக, இந்தச் சோதனை கணக்கில் கைப்பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சரிபார்ப்பு அல்ல. கைப்பிழையே இல்லாதபோதும் போலி விடை வரும் என்பதால், சோதிப்பதும் தீர்ப்பதன் ஒரு பகுதி. நேரம் இருந்தால் செய்வோம் என்று தள்ளிப்போட முடியாதது.

சரி, அந்த 3 எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் y = x − 2 என்ற நேர்கோட்டை வரையுங்கள். அது x அச்சை 2-இல் வெட்டி மேலே ஏறும். இடப்பக்கம் அச்சுக்குக் கீழே இறங்கும். கீழே இருக்கும் பகுதியை, அச்சைக் கண்ணாடியாக வைத்து மேலே திருப்பி வரையுங்கள். ஆங்கில எழுத்து ‘வி’யைப் போன்ற உருவம் கிடைக்கும், முனை 2-இல் இருக்கும். அதுதான் |x − 2|. இப்போது y = 2x − 7 என்ற கோட்டை அதன்மேல் வரையுங்கள். அது வலக்கையை x = 5 என்ற இடத்தில், 3 உயரத்தில் வெட்டுகிறது. வேறெங்கும் தொடவில்லை.

இனி அந்த உருவத்தின் இடக்கையைப் பாருங்கள். அது 2 − x என்ற கோட்டின் ஒரு துண்டு. 2-இல் வந்து நின்றுவிடுகிறது. நிற்காமல் அதே திசையில் பென்சிலால் புள்ளிக்கோடாக நீட்டினால், அச்சுக்குக் கீழே இறங்கும். அப்படி நீட்டிய பகுதியும் நம் 2x − 7 கோடும் எங்கே சந்திக்கின்றன? x = 3, y = −1. நிபந்தனை இல்லாமல் 2 − x என்று எழுதியபோது, அந்த மாணவி தன்னை அறியாமலேயே கையை அச்சுக்குக் கீழே நீட்டிவிட்டாள். விடை அங்கே, கோட்டுக்குக் கீழே பிறந்தது. மட்டு மதிப்புக்கு அந்த இடத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. புள்ளிக்கோட்டை அவளே ரப்பரால் அழித்தாள், 3-உம் போய்விட்டது.

சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வந்த விடை போலியா என்று அது சொல்லும். வராமல் போன விடையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. டீக்கடைக் கணக்கில் 17 என்று மட்டும் எழுதிச் சோதித்தால், அது வெற்றி பெறும். 7 விட்டுப்போனதைக் காட்டாது. அதற்குப் படம்தான் துணை. எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணிவிட்டால், எத்தனை விடை வர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அசமன்பாட்டில் சிக்கல் சற்றே மாறுகிறது. அதே தாளின் ஒன்பதாவது கணக்கு:

```
|2x − 1| < x + 4
```

2x − 1 < x + 4 என்பதிலிருந்து x < 5. 1 − 2x < x + 4 என்பதிலிருந்து x > −1. இரண்டு நிலை என்றால் இடையில் “அல்லது” வரும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எனவே அவள் “x < 5 அல்லது x > −1” என்று முடித்திருந்தாள். யோசித்துப் பாருங்கள்: இந்த உலகத்தில் 5-ஐ விடச் சிறியதாகவும் இல்லாமல், −1-ஐ விடப் பெரியதாகவும் இல்லாமல் ஓர் எண் உண்டா? எல்லா எண்ணும் விடை என்றாகிவிட்டது. ஆனால் 6-ஐப் போட்டால் 11 < 10 என்று வருகிறது. பொய்.

இங்கேயும் காணாமல் போனது அதே நிபந்தனைதான். x ≥ 1/2 என்ற நிலைக்குள் x < 5 என்பதும் சேர்ந்தே நிற்க வேண்டும். எனவே கிடைப்பது 1/2 முதல் 5-க்கு முன்வரை. x < 1/2 என்ற நிலைக்குள் x > −1 என்பதும் சேர வேண்டும். எனவே −1-க்குப் பின்னிருந்து 1/2-க்கு முன்வரை. ஒரு நிலைக்குள்ளே “மேலும்”, நிலைகளுக்கு இடையே “அல்லது”. இரண்டு துண்டுகளையும் எண்கோட்டில் ஒட்டினால் −1 < x < 5.

அசமன்பாட்டின் விடை ஒரு முழு இடைவெளி. அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் போட்டுப் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. −1-உம் 5-உம் எண்கோட்டை மூன்று துண்டாக்குகின்றன. இரண்டு பக்கமும் சமமாகும் இடங்கள் இவை மட்டுமே என்பதால், ஒரு துண்டுக்குள் உண்மை பாதியில் பொய்யாக மாறாது. ஆகவே துண்டுக்கு ஓர் எண் போதும். −2-ஐப் போட்டால் 5 < 2, பொய். 0-ஐப் போட்டால் 1 < 4, மெய். 6 பொய் என்று முன்பே பார்த்தோம். எல்லைப் புள்ளிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்: −1-இல் 3 < 3, 5-இல் 9 < 9, இரண்டும் பொய். அதனால் எண்கோட்டில் இரண்டு முனையிலும் வெற்று வட்டம். கணக்கில் < என்பதற்குப் பதில் ≤ இருந்திருந்தால் இரண்டையும் நிரப்பியிருப்போம்.

தாளின் கடைசிக் கணக்கை அவள் தொடங்கிவிட்டுப் பாதியில் அடித்திருந்தாள்:

```
|x − 1| + |x − 4| = 3
```

இரண்டு மட்டு மதிப்புகள் இருப்பதால், 1-இலும் 4-இலும் உடைத்து மூன்று நிலையாகப் பிரிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. நடு நிலையில், அதாவது x 1-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும்போது, (x − 1) + (4 − x) = 3 என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். சுருக்கினால் 3 = 3. x மறைந்துவிட்டது. “x-ஏ இல்லை சார், அதனால தீர்வு இல்லைன்னு நினைச்சேன்” என்றாள். 3 = 7 என்று வந்திருந்தால் அவள் சொன்னது சரி. 3 = 3 என்பது எப்போதும் உண்மை; எனவே அந்த நிலையின் நிபந்தனைக்குள் இருக்கும் எல்லா எண்ணும் விடை.

நம்பிக்கை வராமல் பார்த்தாள். மறுபடியும் சாலைக்குக் கூட்டிப்போனேன். 1ஆம் கல்லில் அவள் வீடு, 4ஆம் கல்லில் பள்ளி. நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் வீட்டுக்குள்ள தூரத்தையும் பள்ளிக்குள்ள தூரத்தையும் கூட்டினால் எவ்வளவு? சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எண்கோட்டில் 1-இல் ஒரு நிரப்பிய வட்டம், 4-இல் ஒரு நிரப்பிய வட்டம் போட்டு, இரண்டுக்கும் நடுவே பென்சிலை அழுத்தி ஒரே இழுப்பாகக் கோடு போட்டாள்.