பால்கோவா சாப்பிட்டு வாந்தி என்று ஒரு போன் வந்தால்

மார்ச் 28, சனிக்கிழமை இரவு. சிறிய அளவில் பால்கோவா செய்து, கால் கிலோ டப்பாக்களில் அடைத்துக் கடைகளுக்குப் போடும் ஒருவருக்குப் போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “அண்ணே, உங்க பால்கோவா சாப்பிட்டு மூணு மணி நேரத்துல வீட்ல மூணு பேருக்கு வாந்தி. ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்.”

“தப்பு எங்க பக்கம்தான், பில்லை அனுப்புங்க, கட்டிடுறேன்” என்றுதான் நல்ல மனசுக்காரர் வாயில் முதலில் வரும். அவர் கையில் இருக்கும் பொருள் பொறுப்புப் பாலிசியோ அதைத்தான் செய்யக்கூடாது என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக்கூடாது, பணம் தருவதாகச் சொல்லவும் கூடாது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதையோ, மீதி டப்பாவை யாரும் தொடாமல் பிரிட்ஜில் வைக்கச் சொல்வதையோ எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை. லேபிளின் படம், பேட்ச் எண், எங்கே எப்போது வாங்கினார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், வேறென்ன சாப்பிட்டார்கள், இவ்வளவையும் கேட்டு அப்போதே எழுதி வைக்க வேண்டும்.

அந்த நேரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உண்டாக்கும் நஞ்சாக இருக்கலாம். பெரும்பாலும் மனிதக் கை வழியாக, சிறு புண் வழியாக உணவில் சேர்ந்து, வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு சாகாது.

இனி இன்சூரன்ஸ். ஏஜெண்டிடம் வாய்மொழியாகச் சொன்னதைத் தகவல் கொடுத்ததாக நினைக்கக்கூடாது. பாலிசியில் அச்சிட்டிருக்கும் முகவரிக்கு மெயில் போக வேண்டும். பாலிசி எண், பேட்ச் எண், புகார் வந்த நேரம், புகார்தாரர் சொன்னது, இதுவரை செய்தது, இவ்வளவு போதும். “எங்கள் ஆள் கை கழுவவில்லை போலிருக்கிறது” என்ற ஊகம் அந்த மெயிலில் வேண்டாம். “நோட்டீஸ் வரட்டும், பார்த்துக்கலாம்” என்று காத்திருப்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். இவ்வகைப் பாலிசிகள் பெரும்பாலும், சம்பவம் நடந்த ஆண்டைவிட உரிமைக்கோரல் வந்த ஆண்டைத்தான் பார்க்கும். நம்மவர் பாலிசி மார்ச் 31 நள்ளிரவோடு முடிகிறது. பிரீமியம் குறைவு என்று ஏப்ரலில் வேறு கம்பெனிக்குப் போகிறார். ஜூனில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பழைய கம்பெனி, “எங்கள் காலத்தில் எதுவும் வரவில்லையே” என்கும். புதிய கம்பெனி, “உங்களுக்கு முன்னமே தெரிந்ததை மறைத்துவிட்டீர்களே” என்கும். வழக்குக்கு இடம் தரக்கூடிய சம்பவத்தைப் பாலிசிக் காலத்துக்குள்ளேயே எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் கோரல் அந்த ஆண்டோடு சேரும் என்று பல பாலிசிகளில் ஒரு வாசகம் உண்டு. நம்மவருக்கு அன்றிரவு மெயில் அனுப்ப இருப்பது மூன்றே நாள்.

கடையிலிருந்து சரக்கைத் திரும்ப எடுப்பது வேறு கணக்கு. பொருள் பொறுப்புப் பாலிசி நோய்ப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டைத்தான் பார்க்கும். திரும்பப் பெறும் செலவை வெளிப்படையாகவே விலக்கியிருக்கும். அதற்குத் தனியாக ‘ரீகால்’ காப்பு வாங்கியிருக்க வேண்டும். அதிலும் வெறும் சந்தேகம் போதாது, உடல் கேடு உண்டாக்கும் கலப்படம் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்பார்கள். ஆகவே ஒவ்வொரு பேட்சிலும் எடுத்து வைக்கும் மாதிரி டப்பா லேபுக்குப் போக வேண்டும். கம்பெனியின் சம்மதத்துக்காகச் சரக்கைக் கடையில் விட்டு வைக்கவும் முடியாது. 2017ஆம் ஆண்டு ரீகால் விதிமுறைகளின்படி, திரும்பப் பெறத் தொடங்கினால் 24 மணி நேரத்துக்குள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாநில ஆணையருக்கும் சொல்ல வேண்டும். செலவு செய்யும்போதே இன்சூரன்ஸுக்கும் தெரிவித்து, ஒவ்வொரு ரசீதையும் தனிக் கவரில் போடுவதுதான் வழி.

ஒரு பேட்ச் 400 டப்பா. குடோனில் 90. வெளியே போன 310இல், 22 கடைகளில் விற்காமல் 120. வேன் வாடகை, விளம்பரம், லேப், அழிக்கும் செலவு எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் என்று வைப்போம். பாலிசியில் முதல் 25,000 உங்கள் தலையில் என்றிருந்தால், கையில் வருவது 9,000. சரக்கின் விலையும், அந்த மாதம் குறைந்த விற்பனையும், அபராதமும் பெரும்பாலும் அதில் சேராது. இதற்கா பாலிசி என்று தோன்றும்.

திங்கட்கிழமை வேலைப் பதிவேட்டைப் புரட்டுகிறார். விரலில் கட்டுப் போட்டிருந்த ஆள் அந்த ஒரு நாள் மட்டும் கிண்டவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவர்தான். இப்போது மூன்று பேட்ச். செலவு ஒரு லட்சத்தைத் தொடும், கழிவு போக 75,000. இன்சூரன்ஸுக்கு இரண்டாவது மெயிலை அவர் அன்று மதியமே தட்டச்சு செய்கிறார்.